அக்காவுக்கு மாதப் பென்ஷனா, மொத்தப் பணமா? பழைய ஓய்வூதியமும் பங்களிப்புத் திட்டமும்

தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடினால் இப்போதெல்லாம் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஊரில் அக்காவோ தம்பியோ அரசுப் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. "அரசு வேலைதானே, பென்ஷன் வந்துவிடும், நாம் பணம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று இங்கே இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அப்புறம்தான் தெரியும், அவர் 2003க்குப் பிறகு சேர்ந்தவர், அவருக்கு மாதப் பென்ஷனே கிடையாது என்று. உடனே அடுத்த கேள்வி: "அதுவும் நம்ம மசேநி மாதிரிதானே? கையில் பெரிய தொகை வருமே?"

சிங்கப்பூரின் மத்திய சேமநிதியான மசேநி மாதிரி இல்லை. எங்கே வேறுபடுகிறது என்பதை என் அக்காவின் கணக்கை வைத்தே சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு திட்டமும் இருக்கின்றன. அம்மா தலைமை ஆசிரியராக இருந்து பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவர். அக்கா பட்டதாரி ஆசிரியர், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சிபிஎஸ். வரும் ஜூனில் அவருக்கு 60 முடிகிறது.

யார் எந்தத் திட்டத்தில்?

தமிழ்நாட்டில் கோடு 2003 ஏப்ரல் 1. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர் பழைய திட்டம், அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர் சிபிஎஸ். இதில் ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். அந்த ஆண்டுகளில் நிறையப் பேரைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2006 ஜூன் 1 முதல்தான் அவர்களுக்குக் காலமுறை ஊதியம் வந்தது. என் அக்கா 2004லேயே பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆனால் சிபிஎஸ் கணக்கு 2006லிருந்துதான். இரண்டு வருஷப் பாடம் நடத்தியதற்கு அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை.

இன்னொன்று, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் காத்திருந்து நாற்பதை ஒட்டிய வயதில் சேர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் அதிகம். 60ல் ஓய்வு பெறும்போது அவர்களுக்கு இருபது வருஷச் சேவைதான் இருக்கும். எந்தத் திட்டமானாலும் கணக்கில் இது இடிக்கும்.

எதை வைத்து ஒப்பிடுவது?

"எவ்வளவு வரும்?" என்ற ஒரே கேள்வியில் நின்றுவிட்டால் சிபிஎஸ்தான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அது லட்சங்களில் வருகிறது. நான் நான்கு கேள்வி கேட்டுப் பார்த்தேன். உயிரோடு இருக்கும் வரை வருமா? விலைவாசி ஏறினால் கூட ஏறுமா? பணியில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு என்ன? நடுவில் வேலையை விட்டால் என்ன?

பழைய திட்டம்

முப்பது வருஷச் சேவை இருந்தால் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். குறைவாக இருந்தால் அந்த விகிதத்தில். அதன்மேல் அகவிலைப்படி, பணியில் இருப்பவர்களுக்கு ஏறும்போதெல்லாம் இவர்களுக்கும் ஏறும். 80 வயதைத் தொட்டால் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல். ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை தனி. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை விற்று மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பங்கு திரும்பவும் பென்ஷனோடு சேரும். ஓய்வூதியர் இறந்தால் கணவருக்கோ மனைவிக்கோ குடும்ப ஓய்வூதியம், சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பழைய திட்டக்காரர் சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்தார்கள். ஆனால் அது ஜிபிஎஃப், அவருடைய சொந்தச் சேமிப்பு. நடுவில் வீடு கட்ட, பிள்ளை கல்யாணத்துக்கு என்று அதிலிருந்து எடுக்கலாம். ஓய்வு பெறும்போது வட்டியோடு அவருக்கே திரும்பி வரும். பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அம்மா எங்கள் வீட்டு மாடியைக் கட்டியது ஜிபிஎஃப் பணத்தில்தான்.

இதிலும் வெளியே தெரியாத செலவு உண்டு. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சேவை அழிந்துவிடும், பென்ஷன் கிடையாது. விருப்ப ஓய்வு வேண்டுமென்றால் இருபது வருஷம் முடித்திருக்க வேண்டும், அல்லது ஐம்பது வயதைத் தொட்டிருக்க வேண்டும். எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கணவரோடு சிங்கப்பூருக்கு வந்துவிட்ட ஆசிரியைக்குப் பழைய திட்டத்தில் ஜிபிஎஃப் பணத்தைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது.

அப்புறம் உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் நேர்காணல். அம்மா இங்கே வந்திருந்தபோது அந்த மாதம் வந்துவிட்டது. கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் பென்ஷன் புத்தகத்தோடும் கடப்பிதழோடும் அழைத்துப்போய் வாழ்நாள் சான்றிதழ் வாங்கி ஊருக்கு அனுப்பினோம். அரை நாள் வேலைதான். விட்டிருந்தால் பென்ஷன் நின்றிருக்கும்.

பங்களிப்புத் திட்டம்

அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி அதில் 10 சதவீதம் ஆசிரியரிடம் பிடிக்கிறார்கள். அதே அளவு அரசு போடுகிறது. ஜிபிஎஃப் வட்டி வீதமே இதற்கும், சில வருஷங்களாக 7.1 சதவீதம். ஓய்வு பெறும் நாளில் மொத்தமும் கையில். அத்தோடு முடிந்தது. மாதப் பென்ஷன் இல்லை, குடும்ப ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை. பணியில் இருக்கும்போது ஜிபிஎஃப்போல நடுவில் எடுக்கவும் முடியாது.

மசேநியிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். இங்கேயும் அரசு ஊழியர்கள் பெரும்பாலோருக்குப் பென்ஷன் இல்லை, மசேநிதான். ஆனால் 55 வயதுக்குள் இருப்பவருக்கு ஊழியர் 20, முதலாளி 17 என்று 37 சதவீதம் போகிறது. 65க்கு மேல் மசேநி லைஃப் வழியாக ஆயுள் முழுக்க மாதத்தொகை வருகிறது. விலைவாசியை நினைத்துக் கவலைப்படுபவர், ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். சந்தா கட்டும் திட்டம் என்றாலே மாத வருமானம் இருக்காது என்பதில்லை. தமிழ்நாட்டின் சிபிஎஸ் பணம் சேர்ப்பதோடு நின்றது, அதை மாத வருமானமாக மாற்றும் பாதியைக் கட்டவே இல்லை. அந்த வேலையை 60 வயது ஆசிரியரே செய்துகொள்ள வேண்டும்.

அக்காவின் கணக்கு

அக்காவின் அடிப்படைச் சம்பளத்தை 70,000 என்று வைத்துக்கொள்வோம். அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 40,600. மொத்தம் 1,10,600. மாதம் 11,060 பிடிக்கிறார்கள், அதே அளவு அரசுப் பங்கு. ஆரம்பத்தில் சம்பளம் மிகக் குறைவு என்பதால் முதல் சில வருஷங்களில் மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் பிடித்திருப்பார்கள். இருபது வருஷத்துக்கும் வட்டியோடு போட்டுப் பார்த்ததில் 38 லட்சம் பக்கம் வருகிறது. பாதி, 19 லட்சம், அவருடைய சொந்தப் பணமும் அதன் வட்டியும்.

இதே அக்கா பழைய திட்டத்தில் இருந்திருந்தால்? முப்பதில் இருபது வருஷம், ஆக 35,000த்தில் மூன்றில் இரண்டு பங்கு, 23,333. அகவிலைப்படி 13,533. மாதம் 36,866. கூடவே அதே 10 சதவீதத்தை ஜிபிஎஃப்பில் போட்டிருப்பார், அந்த 19 லட்சம் அங்கேயும் கைக்கு வந்திருக்கும்.

இதை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. 38 லட்சத்தையும் பென்ஷனையும் ஒப்பிடுவது தவறு. ஒரு பக்கம் அரசு போட்ட 19 லட்சம். இன்னொரு பக்கம் ஆயுள் முழுக்க வரும் 36,866, அதன் ஏற்றங்கள், குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை. 19 லட்சத்தை 7.1 சதவீத வட்டியில் போட்டு மாதம் 36,866 எடுத்தால் ஐந்து வருஷமும் இரண்டு மாதமும் தாங்கும். அதுவும் ஏற்றமே இல்லாமல் அதே தொகையை எடுத்தால்.

சரி, முழு 38 லட்சத்தையும் அதற்கே வைத்தால்? ஏற்றம் இல்லாமல் எடுத்தால் பதின்மூன்று வருஷம் போகும். விலைவாசிக்கு ஈடாக ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டி எடுத்தால் பத்து வருஷம் ஆவதற்குள் தீர்ந்துவிடும். அக்காவுக்கு அப்போது எழுபதுகூட ஆகியிருக்காது. எங்கள் பாட்டி 91 வயது வரை இருந்தார்.

முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் வாழலாமே என்பார்கள். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்கு 20,500 கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மீதி 8 லட்சத்தை மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதத்தில் போட்டால் 4,933. ஆக 25,433. முதல் பத்திரமாக இருக்கும், ஆனால் தொகை ஏறாது, வருமான வரிக் கணக்கிலும் இந்த வட்டி சேரும். இன்றைக்கு 25,000த்தில் ஓடும் குடும்பம் பத்து வருஷம் கழித்தும் அதே 25,000த்தில் ஓட வேண்டும்.

இங்கே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அக்காவை நிரந்தரமாக இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டவர் இந்த இரண்டு அஞ்சலகக் கணக்கையும் புதிதாகத் தொடங்க முடியாது. எங்கே வாழப்போகிறார் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பணத்தை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டும்.

பணியில் இருக்கும்போதே இறந்தால்

எனக்கு மனசு ஆறாத இடம் இது. 2019ல் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 36,400ல் தொடங்கி ஆறு வருஷத்தில் 43,500 ஆகிறது. விபத்தில் இறந்துவிடுகிறார். சிபிஎஸ் கணக்கில் இரு பங்கும் வட்டியும் சேர்த்து எட்டு ஒன்பது லட்சம் இருக்கும். குடும்பத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து வருவது அவ்வளவுதான். பழைய திட்டமாக இருந்தால் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம், அகவிலைப்படியோடு மாதம் 20,600 பக்கம், ஏறிக்கொண்டே வரும். முப்பது வயதில் கணவரை இழந்த பெண்ணுக்கு இந்த இரண்டும் ஒன்றாகுமா? சிபிஎஸ்ஸில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் ஆயுள் காப்பீட்டைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். அதன் சந்தாவும் சிபிஎஸ்ஸின் வெளியே தெரியாத செலவுதான்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | பழைய திட்டம் | சிபிஎஸ் |
|---|---|---|
| சம்பளப் பிடித்தம் | ஜிபிஎஃப், முழுதும் திரும்ப வரும் | 10 சதவீதம், அரசு அதே அளவு போடும் |
| ஆயுள் முழுக்க வருமா | வரும் | வராது, மொத்தத் தொகை மட்டும் |
| விலைவாசிக்கு ஏற்றம் | அகவிலைப்படி உண்டு | இல்லை |
| இறந்த பின் குடும்பத்துக்கு | குடும்ப ஓய்வூதியம் | கணக்கில் உள்ள தொகை |
| நடுவில் பணம் எடுக்க | ஜிபிஎஃப்பில் எடுக்கலாம் | முடியாது |
| சில வருஷத்தில் ராஜினாமா | சேவை அழியும் | இரு பங்கும் வட்டியோடு கிடைக்கும் |

சிபிஎஸ் யாருக்கு ஒத்துவரும்?

இருக்கிறார்கள். பத்து வருஷத்துக்குள் வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்கோ வேறு வேலைக்கோ போகிறவர்களுக்கு இது நல்லது, அரசுப் பங்கும் கையோடு வருகிறது. கணவரோ மனைவியோ பழைய திட்டத்தில் பென்ஷன் வாங்கும் வீட்டிலும் மாதச் செலவு ஓடிவிடும், இந்தத் தொகையைக் கடன் அடைக்கவோ பிள்ளைக்கோ வைக்கலாம். தீராத நோயோடு ஓய்வு பெறுகிறவருக்கும், தன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுப்போக விரும்புகிறவருக்கும் மொத்தப் பணம்தான் உதவும். பழைய பென்ஷனில், வளர்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர ஒன்றும் இருக்காது.

மற்றவர்களுக்கு, முக்கியமாகத் தனியாக இருக்கும் பெண் ஆசிரியர்களுக்கு, மாதப் பென்ஷன்தான் சரி என்பது என் முடிவு. எழுபது வயதில் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்கு அலைவதும், உறவினர் கடன் கேட்டால் மறுப்பதும் அவர்களுக்குச் சுலபமில்லை. கையில் 38 லட்சம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு மூன்று பேர் மனை காட்டிவிட்டார்கள்.

இப்போது வந்திருக்கும் மூன்றாவது வழி

2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 சதவீதம் கட்டுவது தொடரும். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாகத் தர மேற்கொண்டு தேவைப்படுவதை அரசு போடும். அகவிலைப்படி ஏற்றம், இறந்தால் பென்ஷனில் 60 சதவீதம் குடும்பத்துக்கு, பணிக்கொடை 25 லட்சம் வரை என்பவையும் அறிவிப்பில் உள்ளன.

பழைய திட்டத்தைப்போலத் தெரியும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு: இங்கே அந்த 10 சதவீதம் சேமிப்பாகத் திரும்பி வராது, பென்ஷனுக்கான விலையாகப் போய்விடும். அக்கா கணக்கில் அது 19 லட்சம். அதனால்தான் ஆசிரியர் சங்கங்களில் ஒரு சாரார் இதைப் பழைய திட்டம் என்று ஏற்க மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் வெறும் மொத்தப் பணத்துக்கும் இதற்கும் நடுவில் நிற்பவருக்குக் கணக்கு தெளிவாக இருக்கிறது.

சிபிஎஸ் பணமா, இந்தப் புதிய பென்ஷனா என்று தெரிவு கேட்டுப் படிவம் கைக்கு வரும்போது இப்படிப் பாருங்கள். சிபிஎஸ் மொத்தத் தொகையை ஓராண்டுப் பென்ஷனால் வகுங்கள். அக்காவுக்குப் பென்ஷன் 36,866 என்று வைத்தால் ஆண்டுக்கு 4,42,392, 38 லட்சத்தை வகுத்தால் எட்டரைக்குச் சற்று மேல். வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிடும் என்பதால், அந்த எண்ணைவிட ஒரு வருஷம் கூட்டிக்கொண்டால் போதும். ஒன்பது பத்து வருஷத்துக்கு மேல் வாழ வாய்ப்பிருந்தால் பென்ஷன், இல்லையென்றால் மொத்தப் பணம். 60 வயதில் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை.

படிவத்துக்கு முன் கணக்குச் சீட்டு

எந்தப் பக்கம் போனாலும் சிபிஎஸ் கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். cps.tn.gov.in தளத்தில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் கணக்குச் சீட்டு இருக்கிறது. மசேநி அறிக்கையைக் கைப்பேசியில் புரட்டுவதுபோல மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டில் பிடித்த தொகையைக் கூட்டிச் சீட்டில் உள்ள சந்தாவோடு ஒப்பிட வேண்டும். அரசுப் பங்கு அதற்குச் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டு இடங்களில்: மாவட்டம் மாறிய மாதங்கள், அப்புறம் அகவிலைப்படி நிலுவையைத் தனிப் பட்டியலில் வாங்கிய மாதங்கள்.

அக்கா 2011ல் மாவட்டம் மாறினார். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமாகச் சரிபார்த்தோம். அந்த வருஷச் சீட்டில் நான்கு மாதம் காணவில்லை. அன்றைக்குப் பிடித்தது மாதம் 2,700 அளவில்தான். அரசுப் பங்கையும் பதினைந்து வருஷ வட்டியையும் சேர்த்தால் இன்றைக்கு 65,000 பக்கம் வரும். சம்பளம் வழங்கிய அலுவலகத்தில் அந்த மாதங்களின் கருவூல வவுச்சர் எண்ணும் தேதியும் வாங்கி, பிடித்தப் பட்டியலின் நகலோடு கடிதம் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். பழைய அலுவலகத்தில் முதல் தடவை போனபோது அந்தக் காலப் பதிவேடு கிடைக்கவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை அக்கா தன்னுடைய 2011 சம்பளச் சீட்டுகளைக் காட்டிய பிறகு தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில், ரப்பர் பேண்ட் போட்டு, வருஷவாரியாக வைத்திருந்தார்.

மூன்று மாதம் இப்போது கணக்கில் ஏறிவிட்டது. நான்காவது மாதத்துக்கான கடிதம் போயிருக்கிறது. வாரிசு நியமனத்தில் இன்னும் அப்பாவின் பெயர் இருந்ததையும் அதே நாளில்தான் பார்த்தோம். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் படிவத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகலை எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.